ஸ்ப்ளைன் வளைவா, மாத அடுக்கா? நுண்துகளையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் நாள் நாளாக ஒப்பிடும்போது எதைத் தேர்வது

ஒரு நகரத்தின் ஐந்து வருடத் தரவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு வரி. அன்றைய பி.எம். 2.5 நுண்துகளின் சராசரி, வெப்பநிலை, ஈரப்பதம், மூச்சுக் கோளாறால் அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. மொத்தம் 1,826 வரிகள். நுண்துகள் கூடிய நாட்களில் சேர்க்கையும் கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடுகிற விளைவு எவ்வளவு சிறியது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் தரவை வைத்து, 204 கவுண்டிகளில் 1999 முதல் 2002 வரை செய்த ஆய்வு 2006இல் வெளியானது. அதில் கிடைத்ததிலேயே பெரிய தொடர்பு இதயச் செயலிழப்புக்குத்தான். கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் பி.எம். 2.5 கூடினால் அன்றே சேர்க்கை 1.28% கூடுகிறது. அதிகபட்சமே அவ்வளவுதான்.

நம் கற்பனை நகரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 40 பேர் சேர்கிறார்கள், உண்மையான விளைவு 10 மைக்ரோகிராமுக்கு 0.8% என்று கொள்வோம். அப்படியானால் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடிய நாளில் கூடுதலாகச் சேர்பவர்கள் 0.32 பேர். எந்தக் காரணமும் இல்லாமலே, வெறும் தற்செயலால், இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் ஆறு பேர் அளவுக்கு ஏறி இறங்கும். இதே நகரத்தில் கோடையில் 28, குளிர்காலத்தில் 60 என்று பருவம் ஆட்டிவைக்கிறது. அதாவது பருவத்தின் ஆட்டம் நாம் தேடும் விளைவைப் போல நூறு மடங்கு. குளிர்காலத்தில் காற்று அசையாமல் கிடப்பதால் நுண்துகளும் கூடுகிறது. இரண்டையும் அப்படியே எடுத்து ஒப்பிட்டால் வருகிற எண், குளிர்காலத்தில் மக்களுக்கு அதிகம் மூச்சிரைக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

ஆகவே ஆய்வாளர் எடுக்கிற முக்கியமான முடிவு ஒன்றுதான்: பருவத்தை எப்படிக் கழிப்பது? இன்று புழக்கத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, காலத்தின் மேல் ஒரு வளைவை, அதாவது ஸ்ப்ளைனைப் பொருத்துவது. இரண்டாவது, நாட்களை மாதமும் கிழமையுமாக அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்குள் மட்டும் ஒப்பிடுவது. இரண்டையும் ஆதரித்து ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. நம் தரவுக்கு எது பொருந்தும் என்பதுதான் விஷயம்.

எது குழப்பும், எது குழப்பாது

இந்த வகை ஆய்வைப் புதிதாகப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது: புகைபிடிப்பவர்களைக் கழித்தீர்களா? வயது, வருமானம், உடல் பருமன்? கழிக்கவில்லை, கழிக்கத் தேவையும் இல்லை. ஊர் இன்றும் அதே ஊர், நாளையும் அதே ஊர். செவ்வாய்க்கிழமை காற்று மாசு கூடியது என்பதற்காக அன்று மட்டும் ஊரில் புகைபிடிப்பவர்கள் கூடிவிட மாட்டார்கள். நாளுக்கு நாள் மாறாத ஒன்று, நாளுக்கு நாள் செய்கிற ஒப்பீட்டைக் குழப்ப முடியாது. இந்த வடிவமைப்பின் மொத்த பலமும் இதில்தான் இருக்கிறது.

குழப்பக்கூடியது, நுண்துகளோடு சேர்ந்து நாட்கணக்கில் அசைகிற காரணிதான். பருவமும் பல வருடப் போக்கும் அதில் முதல். அடுத்தது வெப்பநிலை, அதன் பிறகு ஃப்ளூ போன்ற தொற்று அலைகள். கிழமையும் விடுமுறையும் உண்டு: விடுமுறை நாளில் வாகனப் போக்குவரத்து குறைகிறது, மருத்துவமனையிலும் சேர்க்கை குறைகிறது, இரண்டும் ஒன்றாக இறங்குவதால் பொய்யான தொடர்பு ஒன்று உருவாகிறது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கான சேர்க்கைகளைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு அவசரச் சேர்க்கைகளை மட்டும் வைத்தால் கிழமையின் ஆட்டம் பாதி அடங்கிவிடும். முழுதாக அடங்காது. அவசரச் சேர்க்கையும் திங்கட்கிழமை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

வளைவு வழி

இதில் சேர்க்கை எண்ணிக்கைக்குப் பாய்சான் மாதிரி ஒன்றைப் பொருத்துகிறோம். நாட்களை 1 முதல் 1,826 வரை எண்ணி, அந்த எண்ணின் மேல் ஒரு மென்மையான வளைவு ஓடுகிறது. பருவமும் வருடப் போக்கும் அந்த வளைவுக்குள் போய்விடும். வளைவிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் நுண்துகளோடு ஒப்பிடுகிறோம்.

```r
library(splines)
m1 <- glm(adm ~ pm01 + ns(day, df = 7 * 5) +
            ns(temp0, 4) + ns(temp13, 4) + dow + holiday,
          family = quasipoisson, data = d)
```

`pm01` என்பது இன்றும் நேற்றும் இருந்த நுண்துகளின் சராசரி. `temp0` இன்றைய வெப்பநிலை, `temp13` முந்தைய மூன்று நாட்களின் சராசரி. `adm` சேர்க்கை எண்ணிக்கை, `dow` கிழமை, `holiday` விடுமுறை, `ns` ஸ்ப்ளைன் வளைவு. எல்லாம் தொங்குவது `7 * 5` என்ற இடத்தில். வருடத்துக்கு 7 டி.எஃப்., ஐந்து வருடத்துக்கு 35. வளைவு எவ்வளவு தாராளமாக வளையலாம் என்பதன் அளவு அது. 365ஐ 7ஆல் வகுத்தால் 52. அதாவது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு மேல் நீள்கிற அசைவை எல்லாம் வளைவு உறிஞ்சிக்கொள்ளும், அதைவிடக் குறுகியவை நுண்துகளோடு ஒப்பிட மிஞ்சும்.

எண்ணைக் குறைத்தால், உதாரணமாக வருடத்துக்கு 2 என்று வைத்தால், வளைவு குளிர்கால முகட்டைப் பிடிக்காது. பருவத்தின் மிச்சம் எல்லாம் நுண்துகளின் தலையில் விழும். எண்ணை 30 என்று ஏற்றினால் 12 நாள் அசைவைக்கூட வளைவு தின்றுவிடும். ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. விளைவு பூஜ்யத்தை நோக்கி நகரும், நம்பிக்கை இடைவெளி அகலும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது.

ஏ.ஐ.சி. போன்ற அளவுகோலிடம் அந்த முடிவை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஏ.ஐ.சி. தேடுவது சேர்க்கையை நன்றாகக் கணிக்கிற மாதிரியை. குழப்பும் காரணியை நன்றாகக் கழிக்கிற மாதிரி வேறாக இருக்கலாம். நுண்துகளின் தினசரி வரிசையை எத்தனை டி.எஃப். நன்றாகக் கணிக்கிறது என்று பார்த்து, அந்த அளவையே சேர்க்கை மாதிரியிலும் வைப்பது இதைவிடப் பாதுகாப்பு. நுண்துகளோடு சேர்ந்து அசைகிற எதையும் அந்த வளைவு கூடவே இழுத்துப் போய்விடும் என்பதுதான் அதன் தர்க்கம்.

இந்த வழிக்கு ஒரு பழைய வடு உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, 90 அமெரிக்க நகரங்களில் பி.எம். 10 நுண்துகளையும் தினசரி இறப்பையும் ஒப்பிட்டு, 10 மைக்ரோகிராமுக்கு 0.41% என்று சொல்லியிருந்தது. அவர்கள் பயன்படுத்தியது எஸ்-பிளஸ் மென்பொருளில் இப்படி வளைவுகளைப் பொருத்துகிற ஜி.ஏ.எம். கட்டளை. கணக்கை எப்போது நிறுத்துவது என்பதற்கு அதில் முன்கூட்டியே வைத்திருந்த வரம்பு தளர்வானது. வெப்பநிலை, காலம் என்று ஒன்றோடொன்று ஒட்டிய பல வளைவுகள் ஒரே மாதிரிக்குள் இருக்கும்போது, கணக்கு முடியும் முன்பே அது நின்றுவிட்டது. 2002இல் அதே குழு இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. வரம்பை இறுக்கியதும் எண் 0.27% ஆனது. ஸ்ப்ளைன் வைத்த சாதாரண ஜி.எல்.எம்.மில் 0.21%. ஆய்வின் முடிவு மாறவில்லை, தொடர்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அளவு பாதியாகிவிட்டது. அந்தக் காலத்து ஜி.ஏ.எம். நிலைப்பிழையையும் குறைத்துக் காட்டும் என்பது அப்போது தெரியவந்த இன்னொரு சங்கதி. மேலே நான் ஜி.எல்.எம்.மும் `ns`உம் எழுதியதற்கு இதுதான் காரணம்.

அடுக்கு வழி

இந்த வழியின் வேர், 1991இல் மக்லூர் என்பவர் அறிமுகப்படுத்திய கேஸ்-கிராஸ்ஓவர் வடிவமைப்பு. ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த நாளை, அதே ஆள் சேராத வேறு சில நாட்களோடு ஒப்பிடுவதுதான் கருத்து. ஆள் தனக்குத் தானே ஒப்பீடு. எந்த நாட்களோடு ஒப்பிடுவது என்பதில்தான் தொடக்கத்தில் தடுமாற்றம். சேர்ந்த நாளுக்கு முந்தைய வாரத்தை மட்டும் எடுத்தால், நுண்துகள் படிப்படியாகக் குறைந்துவரும் ஊரில் கணக்கு ஒருபக்கமாகச் சாயும். முன்னும் பின்னும் ஏழு நாள் எடுத்தால் அந்தச் சாய்வு போகும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் நகர்ந்துகொண்டே இருப்பதால் வேறொரு நுட்பமான சாய்வு உள்ளே வரும்.

இதற்குக் கண்ட தீர்வு, சேர்க்கைத் தரவைப் பார்க்கும் முன்பே நாட்காட்டியைத் துண்டுபோட்டுவிடுவது. 2021 ஜனவரியின் செவ்வாய்க்கிழமைகள் ஓர் அடுக்கு, புதன்கிழமைகள் இன்னொன்று. ஐந்து வருடம், 12 மாதம், 7 கிழமை என்றால் 420 அடுக்குகள். ஒவ்வொன்றிலும் நான்கு அல்லது ஐந்து நாட்கள். ஒப்பீடு அடுக்குக்குள் மட்டும் நடக்கும்.

```r
library(gnm)
d$stratum <- factor(paste(d$year, d$month, d$dow))
m2 <- gnm(adm ~ pm01 + ns(temp0, 4) + ns(temp13, 4) + holiday,
          eliminate = stratum, family = quasipoisson, data = d)
```

முன்பெல்லாம் இதற்கு நிபந்தனை லாஜிஸ்டிக் மாதிரியைப் போட்டார்கள். நிபந்தனை பாய்சான் அதே விடையைத்தான் தரும். கூடுதலாக, எண்ணிக்கையின் சிதறல் பாய்சான் சொல்வதைவிட அதிகமாக இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மருத்துவமனைத் தரவில் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே நான் இதைத்தான் போடுவேன்.

ஓர் அடுக்கை எடுத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாதத்தின் நான்கு செவ்வாய்க்கிழமைகளில் நுண்துகள் முறையே 40, 60, 50, 90 மைக்ரோகிராம். நான்கு நாளும் சேர்த்து 162 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அந்த மாதத்தில் ஏன் 162, ஏன் 120 இல்லை என்று மாதிரி கேட்பதே இல்லை. பருவம், வருடம், கிழமை எல்லாம் அந்த 162க்குள்ளேயே அடங்கிவிட்டன. இந்த 162 பேர் நான்கு நாட்களுக்குள் எப்படிப் பங்கு பிரிந்தார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. நுண்துகளுக்குச் சம்பந்தமே இல்லை என்றால் நாளுக்கு 40.5 பேர். 10 மைக்ரோகிராமுக்கு 0.8% என்பது உண்மையானால் 39.9, 40.5, 40.2, 41.5 என்று பிரியும். மிகச் சுத்தமான செவ்வாய்க்கும் மிக மோசமான செவ்வாய்க்கும் வித்தியாசம் 1.6 பேர். ஓர் அடுக்கில் இது கண்ணுக்கே தெரியாது. 420 அடுக்குகளையும் கூட்டும்போதுதான் மெல்லத் தலைகாட்டும்.

இந்த வழியில் டி.எஃப். எத்தனை என்ற கேள்வி எழாது. அதனால் ஆய்வாளர் தனக்குப் பிடித்த விடை வரும்வரை எண்ணைத் திருகுகிற வாய்ப்பும் குறைகிறது. ஆனால் திருகாணியே இல்லை என்று நினைத்தால் தவறு. மாதம் என்று துண்டுபோட்டதே ஒரு தேர்வுதான். கணிதத்தில் இந்த 420 அடுக்குகளும் ஒரு வகை வளைவேதான்: மென்மையாக ஓடாமல், மாதத்துக்கு ஒரு படியாக ஏறி இறங்குகிற வளைவு, அதுவும் கிழமைக்கு ஒன்றாக. இரண்டு வழிகளும் ஒரே குடும்பம் என்பதை லூ, சீகர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் விளக்கிக் காட்டினார்கள்.

இதற்கு விலையும் உண்டு. வளைவு வழியில் காலத்துக்கும் கிழமைக்கும் சேர்த்துச் செலவானது 41 எண்கள். இங்கே 420. ஒவ்வொரு அடுக்கிலும் நான்கு சொச்சம் நாட்களில் ஒரு நாளின் தகவல் அடுக்கின் சராசரிக்கே போய்விடுகிறது. மொத்தத்தில் தகவலில் கால் பங்கு போல இழக்கிறோம். விளைவே 0.8% என்று இருக்கும் இடத்தில் இது சின்ன இழப்பு இல்லை.

எங்கே எது உடைகிறது

அதே நான்கு செவ்வாய்க்கிழமைகளுக்குத் திரும்புவோம். அந்த மாதம் ஃப்ளூ அலை தொடங்குகிறது, சேர்க்கை வாரத்துக்கு 10% ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது செவ்வாய் வரும்போது அது முதல் செவ்வாயைவிட 33% கூடியிருக்கும். நுண்துகள் 90 இருந்ததும் அதே நான்காவது செவ்வாய். மாத அடுக்குக்கு மாதத்துக்குள் நடக்கிற ஏற்றம் தெரியாது. அது படியைத்தான் பார்க்கும், படியின் சாய்வைப் பார்க்காது. அந்த 33 சதவீதமும் நுண்துகள் கணக்கில் எழுதப்படும். உண்மையான விளைவாக நாம் தேடியது வெறும் 4%.

இன்னொரு மாதத்தில் நுண்துகள் முதல் வாரத்தில் உச்சம் போயிருந்தால் பிழை எதிர்த்திசையில் விழும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். பிரச்சினை, வருடா வருடம் ஒரே திசையில் சாய்கிற மாதங்கள்தான். குளிர்காலத்தின் தொடக்கத்தில் நுண்துகளும் ஏறுகிறது, சேர்க்கையும் ஏறுகிறது, ஐந்து வருடமும் அப்படியே. குளிர்காலத்தின் முடிவில் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. ஏறும்போதும் ஒரே திசை, இறங்கும்போதும் ஒரே திசை, ஆக இரண்டுமே பொய்யான நேர்மறைத் தொடர்பைத்தான் தரும். இந்தச் சாய்வைப் பிடிப்பதில் வளைவு வழி தெளிவாக மேல். பருவத்தின் மென்மையான ஏற்றத்தை வருடத்துக்கு 7 டி.எஃப். நன்றாகவே பின்தொடரும்.

ஆனால் ஃப்ளூ அலை மென்மையாக வருவதில்லை. நான்கு வாரத்தில் ஏறி நான்கு வாரத்தில் இறங்கும் கூர்மையான முகடு அது, அதுவும் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில். 52 நாள் நீளத்தில் வளைகிற வளைவு அந்த முகட்டின் தலையைச் சீவிவிட்டுத்தான் போகும். முகட்டின் உச்சியில் ஒரு பத்து நாள், சேர்க்கை வளைவுக்கு மேலே நிற்கும். அந்தப் பத்து நாள் காற்று அசையாத நாட்களாக அமைந்தால், பழி மறுபடி நுண்துகளுக்கே.

இந்தத் தொற்றுப் பிரச்சினை வெறும் ஏட்டுச் சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை, தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்ட் முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களோடு ஒப்பிட்டால், மூடிய குளிர்காலத்தில் குழந்தைகளின் மூச்சுக்கோளாறுச் சேர்க்கை பெரிய அளவில் குறைந்திருந்தது. போப் என்ற ஆய்வாளர் 1989இல் இதை வெளியிட்டார். அழகான இயற்கைச் சோதனை என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் குழந்தைகளின் மார்புச் சளிக்கு முக்கியக் காரணமான ஆர்.எஸ்.வி. கிருமியின் அலை அந்தக் குளிர்காலத்தில் பலவீனமாக இருந்திருக்கலாம் என்று பின்னர் எதிர்வாதம் எழுந்தது. ஆலை மூடிய குளிர்காலம் ஒன்றே ஒன்று. ஒரு குளிர்காலத்தை வைத்துக்கொண்டு ஆலையையும் கிருமியையும் பிரித்துப் பார்ப்பது கடினம். நாள் நாளாக ஒப்பிடும் முறைக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது: கிருமி அலை நுண்துகளின் தினசரி ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகப் பின்பற்ற வாய்ப்பில்லை. வாரக்கணக்கில் மட்டும் சேர்ந்து அசையலாம். அந்த வார அசைவைத்தான் நாம் கழித்தாக வேண்டும்.

கழிப்பதற்கு இரண்டு வழிகளும் தாமாக உதவாது. ஆய்வகத்தில் ஒவ்வொரு வாரமும் உறுதியான ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. எண்ணிக்கை கிடைத்தால், அதை மாதிரிக்குள் ஒரு மாறியாக வைத்துவிடலாம். கிடைக்காவிட்டால், அடுக்கை மாதத்திலிருந்து 14 நாளாகச் சுருக்கலாம், அல்லது வளைவை வருடத்துக்கு 10, 12 என்று ஏற்றலாம். 14 நாள் அடுக்கில் ஒரே கிழமை இரண்டு முறைதான் வரும் என்பதால், கிழமையை அடுக்கிலிருந்து எடுத்துத் தனி மாறியாக வைக்க வேண்டியிருக்கும். ஃப்ளூ இருந்தது என்று குறியிட்ட சேர்க்கைகளை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃப்ளூவால் தூண்டப்பட்ட நிமோனியாவுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஃப்ளூ குறியீடு விழுவதே அரிது.

வெப்பநிலை கொஞ்சம் வேறு மாதிரி. அது நுண்துகளின் வேகத்திலேயே அசைகிற காரணி, ஆகவே காலத்தை எப்படிக் கழித்தாலும் தனியாகக் கழித்தாக வேண்டும். குளிர்ந்த, காற்றில்லாத காலைகளில் தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லை. அதே குளிர் சேர்க்கையையும் தன்பங்குக்குக் கூட்டும். வெப்பத்தின் பாதிப்பு அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும். குளிரின் பாதிப்போ இரண்டு மூன்று வாரம் வரை இழுத்துக்கொண்டு போகும். மேலே கட்டளையில் இருப்பதுபோல இன்றும் முந்தைய மூன்று நாளும் என்று நிறுத்தினால் வெயிலுக்குப் போதும், குளிருக்குப் போதாது. குளிர் முக்கியமாக உள்ள ஊரில் 21 நாள் வரை பின்னோக்கிப் போகிற மாதிரியைப் போட வேண்டும். ஆர் மென்பொருளில் அதற்கு `dlnm` என்ற தொகுப்பு இருக்கிறது.

இங்கே அடுக்கு வழிக்கு ஒரு மறைமுக வசதி உண்டு. 21 நாள் சராசரி வெப்பநிலை ஒரு மாதத்துக்குள் பெரிதாக மாறாது. மாறாதது அடுக்குக்குள் பெரிதாகக் குழப்பவும் முடியாது. நீண்ட குளிரின் பாதிப்பைத் துல்லியமாக அளக்க இது கெட்ட செய்தி, நுண்துகளை மட்டும் அளக்க வந்தவருக்கு நல்ல செய்தி.

நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களும் குழப்பும். அவை அதே வாகனப் புகையிலிருந்து அதே நாளில் வருகின்றன. இரண்டையும் ஒரே மாதிரியில் வைத்தால் எண்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிலையில்லாமல் ஆடும். காலத்தை எந்த வழியில் கழித்தாலும் இது தீராது. விளைவை நுண்துகளின் விளைவு என்று எழுதாமல், நுண்துகள் அடையாளம் காட்டுகிற புகைக் கலவையின் விளைவு என்று எழுதுவதே நேர்மை.

சரியாகக் கழித்தோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது

நான் முதலில் பார்ப்பது நாளைய நுண்துகளை. மாதிரியில் `pm01` கூடவே நாளைய அளவையும் போட வேண்டும். நாளை வரப்போகிற காற்று மாசு இன்றைக்கு யாரையும் மருத்துவமனைக்கு அனுப்ப முடியாது. அந்த மாறிக்குப் பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகிய விளைவு கிடைத்தால், கழிக்காத ஏதோ ஒன்று உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய அளவு மாதிரியில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இன்றும் நாளையும் ஒட்டியே அசைவதால், தனியாக விட்டால் நாளைய அளவு இன்றைய அளவின் முகமூடியாகத்தான் இருக்கும்.

அடுத்தது, டி.எஃப்.ஐ வருடத்துக்கு 2 முதல் 16 வரை நகர்த்தி விளைவை வரைந்து பார்ப்பது. வழக்கமாக முதலில் செங்குத்தாக இறங்கி, ஓரிடத்தில் சமதளமாகி, பிறகு இடைவெளி அகலும். சமதளம் 6க்கும் 10க்கும் இடையில் கிடைத்து, அதற்குள் எதை எடுத்தாலும் விடை மாறாவிட்டால் நல்லது. சமதளமே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனால், தேர்ந்த எண்தான் விடையைத் தீர்மானிக்கிறது என்று பொருள். அப்போது ஒற்றை எண்ணை வெளியிடக் கூடாது, படத்தையே வெளியிட வேண்டும். மிச்சங்களின் பகுதித் தன்னொட்டுறவையும் பார்க்கலாம்: முதல் சில நாட்களுக்கு அது வரிசையாக எதிர்மறையாக இருந்தால் வளைவு அளவுக்கு மீறி வளைந்துவிட்டது.

காற்றுக்குச் சம்பந்தமில்லாத நோய் ஒன்றின் சேர்க்கையை எடுத்து அதே மாதிரியை ஓட்டுவதும் உண்டு. எலும்பு முறிவைச் சொல்வார்கள். குளிர்காலத்தில் தெரு வழுக்கும் ஊராக இருந்தால் அது வானிலையோடு கட்டிப்போட்ட நோய், சோதனைக்கு ஆகாது. குடல்வால் அழற்சியைச் சிலர் எடுக்கிறார்கள், அதிலும் காற்று மாசுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. நல்ல ஒப்பீட்டு நோய் கிடைப்பது கடினம், ஆகவே இந்தச் சோதனையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

அப்புறம், எதை எடுப்பது?

ஒரே நகரம், நாலைந்து வருடத்துக்குக் குறையாத இடைவெளியில்லாத தரவு, நாளுக்குப் பத்துக்கு மேல் சேர்க்கை என்றால் வளைவு வழியையே முதன்மையாக வைப்பேன். தகவல் வீணாவதில்லை, பருவத்தின் சாய்வு பிடிபடுகிறது. டி.எஃப்.ஐ நுண்துகளை வைத்துத் தேர்ந்து, சேர்க்கைத் தரவைத் தொடும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். விடை வந்தபிறகு தேர்ந்த 7க்கும், முன்பே எழுதிவைத்த 7க்கும் மதிப்பு ஒன்றல்ல.

நூற்றுக்கணக்கான சிறு பகுதிகள் என்றால் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு அஞ்சல் பகுதிக்கும் சொந்தப் பருவம், சொந்த மருத்துவமனை வசதி, சொந்த நுண்துகள் அளவு. ஒவ்வொன்றுக்கும் 35 டி.எஃப். வளைவு போட முடியாது, எல்லோருக்கும் ஒரே வளைவு போட்டால் அது யாருக்கும் பொருந்தாது. அடுக்கு வழியில் பகுதியின் பெயரையும் `stratum` வரிக்குள் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பகுதிகளுக்கு இடையிலான எல்லா வித்தியாசமும், வறுமை உட்பட, அடுக்கோடு போய்விடும். யாருமே சேராத அடுக்குகளை முதலில் நீக்கிவிட வேண்டும். அவற்றில் தகவல் இல்லை, கணக்கைத்தான் இடறவைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விளைவு அதிகமா என்பது போன்ற கேள்விகளுக்கும் இந்த வழிதான் வசதி, ஆளாளுக்குத் தரவை வைத்துக்கொண்டே ஓட்டலாம். மாதக்கணக்கில் அளவுக் கருவி பழுதாகி இடைவெளி விழுந்த தரவுக்கும் இதுவே மேல். வளைவு அந்த இடைவெளியில் தன் போக்கில் எங்காவது போய்விடும், அடுக்குக்கு அந்த மாதம் இல்லை, அவ்வளவுதான்.

எதை முதன்மையாக எடுத்தாலும் இன்னொன்றையும் ஓட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. வளைவு 0.8% என்றும் அடுக்கு 0.7% என்றும் சொன்னால் நிலைப்பிழைக்குள் அடக்கம், விட்டுவிடலாம். அடுக்கு 1.6% என்று சொன்னால், குளிர்காலம் தொடங்குகிற இரண்டு மாதங்களையும் முடிகிற இரண்டு மாதங்களையும் தரவிலிருந்து எடுத்துவிட்டு இரண்டையும் மறுபடி ஓட்ட வேண்டும். இடைவெளி மூடிக்கொண்டால் அது மாதத்துக்குள் இருந்த சாய்வு. மூடாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது கிழமைக்குக் கிழமை பருவம் வேறாக இருக்கிறதா என்பதை. அடுக்கு அதைத் தானாகக் கழித்துவிடும், ஒரே ஒரு வளைவும் ஒரு `dow` மாறியும் வைத்த மாதிரி அதைக் கழிக்காது.